"அய்யோ, நான் ஒண்ணுமே பண்ணலை"

ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ ஒருவரிடம் போய் "நல்லா பண்ணியிருக்கே" என்று சொல்லிப் பாருங்கள். பத்துக்கு எட்டு பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "அய்யோ, நான் ஒண்ணுமே பண்ணலை. எல்லாம் சார்தான்." கேட்பவர்களும் "என்ன அடக்கம்!" என்று நெகிழ்ந்து போவார்கள். நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழியும் உடனே வந்து விழும்.

இது அடக்கமே இல்லை. நடந்ததைப் பற்றிக் கொடுக்கப்படும் தவறான வாக்குமூலம். செய்தவரே "செய்யவில்லை" என்று சொன்னால், அந்த வேலை அனாதையாகிவிடும். அனாதையான வேலையை எடுத்துக்கொள்ள மேலே ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பல்சர் கண்டுபிடிப்பு. (பைக் இல்லை சாமி, வானத்தில் இருப்பது!)

1965-ல் ஜோசலின் பெல் என்ற மாணவி கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷ். குவாசர்களை ஆராய ஒரு புது ரேடியோ தொலைநோக்கி வேண்டும். கடையில் கிடைக்காது, கட்டத்தான் வேண்டும். நாலரை ஏக்கர் வயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள், 2048 ஆன்டெனாக்கள், மைல்கணக்கில் கம்பி. ஜோசலினும் இன்னும் சிலரும் இரண்டு வருடம் உழைத்தார்கள். கோடை விடுமுறைக்கு வந்த மாணவர்கள் சம்மட்டி பிடித்துக் கம்பங்களை அடித்து இறக்கினார்கள். கேபிள்களும் இணைப்புகளும் ஜோசலின் பொறுப்பு.

1967 ஜூலையில் தொலைநோக்கி வேலை செய்ய ஆரம்பித்தது. அதை இயக்குவதும், அது துப்பும் காகிதத்தைப் படிப்பதும் ஜோசலின் ஒருவரின் வேலை. ஒரு நாளைக்குச் சுமார் 30 மீட்டர் காகிதம். கணினி கிடையாது, கண்தான். வானம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வர நாலு நாள் ஆகும், அதாவது 120 மீட்டர். அந்த 120 மீட்டரில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கிறுக்கல். குவாசர் மாதிரியும் இல்லை, பூமியிலிருந்து வரும் இரைச்சல் மாதிரியும் இல்லை. வேறொருவர் பார்த்திருந்தால் "ஏதோ மோட்டார் பைக் போயிருக்கும்" என்று தாண்டியிருப்பார். ஜோசலினுக்கு மட்டும், இதே கிறுக்கலை வானத்தின் இதே இடத்தில் முன்பும் பார்த்த ஞாபகம். பழைய சுருள்களைப் பிரித்துப் பார்த்தார். இருந்தது. அதுவும் நட்சத்திரங்களைப் போலவே நாளுக்கு நாலு நிமிடம் முன்னதாக வந்துகொண்டிருந்தது.

காகிதத்தை வேகமாக ஓடவிட்டால்தான் கிறுக்கலின் உள்ளமைப்பு தெரியும். நவம்பர் முழுக்க தினமும் போய்க் காத்திருந்தார். சிக்னல் மங்கிப் போயிருந்தது. நவம்பர் 28-ம் தேதி சிக்கியது. 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் மாதிரி. ஹியூவிஷிடம் சொன்னபோது அவருடைய முதல் பதில், இது மனிதர்கள் உண்டாக்கிய சிக்னலாகத்தான் இருக்கும் என்பது. "குட்டிப் பச்சை மனிதர்கள்" என்று பாதி விளையாட்டாகப் பேர் வைத்தார்கள். டிசம்பர் 21-ம் தேதி இரவு, வானத்தின் வேறொரு பகுதியில் அதே மாதிரி இன்னொரு கிறுக்கலை ஜோசலின் கண்டுபிடித்தார். அதற்கு 1.2 விநாடி இடைவெளி. இரண்டு வெவ்வேறு மூலைகளிலிருந்து இரண்டு வேற்றுக்கிரகக் கூட்டங்கள் ஒரே நேரத்தில் பூமிக்கு சிக்னல் அனுப்புமா என்ன? அத்தோடு பச்சை மனிதர்கள் கதை முடிந்தது. இயற்கையில் இப்படி ஒரு புது வகைப் பொருள் இருக்கிறது என்பது தெரிந்தது.

இப்போது கணக்குப் போடுவோர் நேர்மையாகப் போட வேண்டும். ஹியூவிஷ் சும்மா இருக்கவில்லை. தொலைநோக்கியின் யோசனையும் வடிவமும் அவருடையது. சிக்னல் வந்த பிறகு, அது ஏதாவது ஒரு கிரகத்திலிருந்து வருகிறதா என்று சோதித்ததும் அவர்தான். கிரகம் தன் சூரியனைச் சுற்றினால் துடிப்பின் இடைவெளி கூடிக் குறைய வேண்டும். பூமியின் ஓட்டத்தால் வரும் மாற்றம் மட்டும்தான் தெரிந்தது. ஸ்காட், காலின்ஸ் இருவரும் வேறொரு தொலைநோக்கியில் அதே சிக்னலைப் பிடித்துக் காட்டி, இது கருவிக் கோளாறு இல்லை என்று உறுதி செய்தார்கள். பில்கிங்டன் சிக்னலின் அலைச் சிதறலை அளந்து, மூலம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே, ஆனால் நம் விண்மீன் மண்டலத்துக்கு உள்ளே இருக்கிறது என்று காட்டினார். 1968 பிப்ரவரி 24 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. ஐந்து பெயர்கள். முதலில் ஹியூவிஷ், இரண்டாவது பெல்.

ஆக, ஐந்து பேருக்கும் பங்கு உண்டு. எந்தப் பங்கு யாருடையது என்றும் தெளிவாகவே தெரியும். ஆனால் நடந்தது என்ன? பத்திரிகைக்காரர்கள் வந்து அறிவியலை ஹியூவிஷிடம் கேட்டார்கள், ஜோசலினிடம் எத்தனை காதலர்கள் என்று கேட்டார்கள். அவருடைய ஆய்வேட்டில் பல்சர் ஒரு பின்னிணைப்பாகத்தான் போனது. 1974-ல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. ஹியூவிஷுக்குக் கொடுத்த காரணம், பல்சர் கண்டுபிடிப்பில் தீர்மானகரமான பங்கு. ஃபிரெட் ஹாயில் போன்ற பெரிய வானியலாளரே வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஜோசலின் கண்டிக்கவில்லை. 1977-ல் அச்சான ஒரு விருந்து உரையில் அவர் சொன்ன காரணங்கள் இவை. மாணவருக்கும் வழிகாட்டிக்கும் இடையே எல்லைக்கோடு போடுவது கடினம். திட்டம் தோற்றால் பழி வழிகாட்டிக்குத்தான், அதனால் வென்றால் புகழும் அவருக்கே போவது நியாயம். மிக அபூர்வமான சந்தர்ப்பங்களில் தவிர ஆராய்ச்சி மாணவர்களுக்கு நோபல் கொடுத்தால் பரிசின் மதிப்பு குறையும், இது அப்படிப்பட்ட சந்தர்ப்பம் இல்லை.

இந்தப் பெருந்தன்மையைப் பாராட்டி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் பெருந்தன்மையை மதிப்பது வேறு, வாதத்தை ஏற்பது வேறு. வாதம் நிற்கவில்லை.

முதலாவது, எல்லைக்கோடு கடினம் என்பது. அதே உரையில் கம்பம் அடித்த மாணவர்கள் முதல் அலைச் சிதறல் அளந்தவர் வரை யார் என்ன செய்தார்கள் என்று ஜோசலினே வரிசையாகச் சொல்கிறார். கோடு போட முடியாது என்று சொன்னவர் அதே மேடையில் கோட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார்!

இரண்டாவது, தோற்றால் பழி வழிகாட்டிக்கு என்பது. அப்படியா? திட்டம் தோற்றால் வழிகாட்டிக்கு ஒரு நிதி உதவி போகும். மாணவருக்கு மூன்று வருடமும் பட்டமும் போகும். நஷ்டத்தில் பங்கு உள்ளவருக்கு லாபத்தில் பங்கு இல்லையா?

மூன்றாவது, மாணவர் என்பதால் மதிப்பு குறையும் என்பது. இதற்குப் பதிலை வரலாறே கொடுத்துவிட்டது. ஹியூவிஷ் பரிசு வாங்கிய அதே 1974-ல், போர்ட்டோ ரீக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் ரஸ்ஸல் ஹல்ஸ் என்ற மாணவர், இன்னொரு நட்சத்திரத்தோடு ஜோடியாகச் சுற்றும் முதல் பல்சரைப் பிடித்தார். வழிகாட்டி ஜோசப் டெய்லர். 1975-ல் வந்த கட்டுரையில் மாணவரின் பெயர் முதலில், வழிகாட்டியின் பெயர் பிறகு. 1993-ல் நோபல் இருவருக்கும் சேர்த்தே வந்தது. பரிசின் மதிப்பு ஒரு பைசா குறையவில்லை. ஸ்டாக்ஹோம் விழாவுக்கு டெய்லர் ஜோசலினையும் விருந்தினராக அழைத்துப் போனார்.

அந்தப் பரிசிலும் குறை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஜோடியின் சுற்றுப்பாதை சுருங்குவதை வருடக்கணக்கில் டெய்லரோடு சேர்ந்து அளந்த ஜோயல் வைஸ்பெர்க்கின் பெயர் அதில் இல்லை. பரிசுகள் எப்போதும் எல்லாரையும் பிடிக்காது. அதனால்தான் வேலை செய்தவர்களின் வாய் சரியாகப் பேச வேண்டியிருக்கிறது.

சரி, எப்படிப் பேசுவது? "நன்றி" என்று ஆரம்பிக்க வேண்டும். "அய்யோ" என்று அல்ல. பிறகு மூன்று விஷயம். செய்தது என்ன, மற்றவர்கள் பெயர் சொல்லிச் செய்தது என்ன, எது இன்னும் தெரியாது. 1968-ல் ஒரு நிருபர் ஒழுங்கான கேள்வி கேட்டிருந்தால் ஒழுங்கான பதில் இப்படி இருந்திருக்கும்: "நன்றி. கிறுக்கலைக் கவனித்ததும், அது திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டியதும், இரண்டாவதைக் கண்டுபிடித்ததும் நான். கருவியை வடிவமைத்ததும், கிரகம் இல்லை என்று நிறுவியதும் ஹியூவிஷ். தூரத்தைக் கணித்தவர் பில்கிங்டன். இரண்டாவது கருவியில் உறுதி செய்தவர்கள் ஸ்காட்டும் காலின்ஸும்." இதில் எங்கே தற்பெருமை இருக்கிறது? ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, ஒருவர்கூட விடுபடவில்லை.

"எல்லாம் டீம் ஒர்க்" என்பதும் அதே தப்பித்தல்தான். பெயர் இல்லாத "டீம்"-க்குக் கிடைக்கும் பாராட்டு, கடைசியில் டீமின் தலைவர் மேஜையில்தான் போய் உட்காரும். "நான் ஒண்ணுமே பண்ணலை" என்று சொல்பவர் தன்னை மட்டும் அழிப்பதில்லை. கூட உட்கார்ந்து ராத்திரி இரண்டு மணிக்கு நிரலைச் சரி பார்த்தவரையும் சேர்த்தே அழிக்கிறார். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதிகளில், ஒரு கட்டுரைக்கு நிதி வாங்கிக் கொடுத்ததோ பொதுவாக மேற்பார்வை பார்த்ததோ மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது, அதற்கு நன்றியுரைதான் இடம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையில் நாலு பேர் போடுகிறவர்கள், யார் எந்த அத்தியாயம், யார் எந்தச் சோதனை என்று நாலு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

2018-ல் ஜோசலின் பெல் பர்னெலுக்கு சிறப்பு பிரேக்த்ரூ பரிசு வந்தது. 30 லட்சம் டாலர். அவர் "வேண்டாம், நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார். வாங்கிய பணம் முழுவதையும், இயற்பியல் ஆராய்ச்சிக்குள் அதிகம் நுழைய முடியாத பிரிவுகளைச் சேர்ந்த மாணவர்களுக்கான உதவித்தொகையாக மாற்றினார். அடக்கம் வேண்டும் என்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளலாம். தனக்கு உரியதை முதலில் வாங்கினார், பிறகுதான் கொடுத்தார். வாங்காததை யாரும் பங்கிட முடியாது.