தாமதமான பதில் மறுப்பாகுமா?

நேர்ப்பேச்சில் ஒருவர் கேட்டு முடித்ததும் மற்றவர் பதிலைத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. தான்யா ஸ்டைவர்ஸும் அவருடைய சகாக்களும் 10 மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அது சராசரியாக நொடியின் ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. இசைவு விரைந்து வருகிறது. மறுப்போ சற்றுத் தயங்கி, காரணத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. இவ்வாறு பழகிய செவியோடுதான் மனிதர்கள் கைப்பேசித் திரையையும் வாசிக்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

தில்லியில் புதிதாகப் பழகத் தொடங்கிய இருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். மாலை 6.40க்கு அவன் அனுப்புகிறான்: "சனிக்கிழமை லோதி தோட்டத்துக்குப் போகலாமா?" ராஜீவ் சௌக்கில் ரயில் மாறும் நெரிசலில் அவள் அதைப் பார்த்துவிடுகிறாள். நீல டிக் விழுந்துவிடுகிறது. பதில் எழுத அமர்கையில் மணி பத்து.

இப்போது அவள், "மன்னிக்கவும், இன்று ஆய்வகத்தில் ஒரே வேலை, மெட்ரோவிலும் கூட்டம், அதனால்தான்..." என்று தொடங்கினால், இறுதியில் வரும் "போகலாம்" கூட அரைமனதாகவே ஒலிக்கும். தாமதம், மன்னிப்பு, காரணம் மூன்றும் மறுப்பு வழக்கமாக அணிந்துவரும் உடைகள். ஆகவே வரிசையைத் திருப்ப வேண்டும்: "போகலாம். மாலை 5 மணி சரிவருமா? இன்று ஆய்வகத்தில் நேரமாகிவிட்டது." உள்ளடக்கம் ஏறக்குறைய அதுவே; ஆனால் இசைவு முன்னே நிற்கிறது. மன்னிப்பும் இங்கே தேவையில்லை.

எல்லாச் செய்திகளும் இத்தகைய அவசரம் உடையன அல்ல. அவன் அனுப்பியது தெருவோர மலரின் படமாக இருந்திருந்தால், மறுநாள் காலைப் பதிலும் போதும். அழைப்பு, உடல்நல விசாரிப்பு, மனம் திறந்த ஒரு சொல் ஆகியவையே பதிலுக்கு இடம் ஒதுக்கிக் காத்திருப்பவை. முடிவெடுக்க இயலாதபோது, "நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று நேரம் குறித்தால் காத்திருப்பவரின் ஐயம் அடங்கும். "பிறகு சொல்கிறேன்" என்பதில் அந்தப் பிடிமானம் இல்லை.

வேண்டுமென்றே காக்க வைப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. யோராம் கால்மனும் சகாக்களும் 2006இல் மின்னஞ்சல்களையும் இணைய மன்றங்களையும் ஆராய்ந்தபோது, பெரும்பான்மைப் பதில்கள் சராசரி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. சராசரியைப் போல் பத்து மடங்கு கடந்து வந்தவை மிகச் சில. காதலுக்கென்று செய்த கணக்கன்று அது. எனினும் ஒருவரின் மௌனத்தை அவருடைய சொந்த வழக்கத்தை வைத்தே அளக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று. வழக்கமாக 20 நிமிடத்தில் எழுதுபவள் மூன்றரை மணி நேரம் பேசாதிருந்தால் அவன் கலங்குவது இயல்பே. எப்போதும் இரவில் மட்டும் எழுதுபவளின் பகல் மௌனத்தில் வாசிக்க ஏதுமில்லை. நாடகத் தாமதம் இந்த அளவுகோலையே முறித்துவிடுகிறது: பிறகு உண்மையிலேயே வேலையில் மூழ்கிய நாளிலும் அவள் நம்பப்படமாட்டாள்.

நீல டிக்கை அணைத்துவைப்பது பலர் நாடும் வழி. ஆனால் அணைத்தவருக்குப் பிறர் வாசித்ததும் தெரியாது. அவன் பார்த்தானா என்ற கேள்வி அவள் பக்கம் இடம்பெயர்கிறது.