வேலை பிடிக்கலையா... வேலை பார்க்கிற இடம் பிடிக்கலையா?

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023-ல் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதையும் தாண்டி 90 மணி நேரம்னு பேசிய வீடியோ வெளியானது. ரெண்டு முறையும் மீம்ஸ் பறந்தன. அவற்றைப் பகிர்ந்த என் நண்பர்கள் சிலர் அடுத்து கேட்டது சீரியஸான கேள்வி: ‘பேசாம இந்த ஃபீல்டையே விட்டுடலாமா?’

நீங்களும் இதைக் கேட்டிருந்தால், ராஜினாமா மெயில் டைப் பண்ணுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். களைத்துப்போய் இருக்கிறீர்களா, அல்லது தவறான துறையில் இருக்கிறீர்களா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ‘பர்ன் அவுட்’டை நோயாக இல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலையாக வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளங்கள். சக்தி மொத்தமும் வடிந்துபோவது, வேலையிலிருந்து மனசு விலகி எதைப் பார்த்தாலும் எரிச்சல் வருவது, ‘என்னால எதுவும் உருப்படியா செய்ய முடியலை’ என்று தோன்றுவது. நம்மை ஏமாற்றுவது இரண்டாவதுதான். மனசு விலகிவிட்டால், ஒருகாலத்தில் ஆசையாகச் செய்த வேலைகூட ‘இது எனக்கானதே இல்ல’ என்றுதான் தெரியும். அதனால், களைப்பின் உச்சத்தில் மனசு சொல்வதை வைத்து மட்டும் துறையைப் பற்றித் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி நிறுவனத்தில் புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருந்த 29 வயதுத் தோழி ஒருவர், ஐ.டி-யே வேண்டாம், பேக்கரி ஆரம்பிக்கப் போறேன்னு சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னோம். தினமும் ராத்திரி இரண்டே வரி. ‘இன்னிக்கு எந்த நேரம் போனதே தெரியலை?’, ‘எந்த நேரம் நகரவே இல்லை?’

முதல் வரியில் வந்தவை: மெதுவாக ஓடிய ஒரு குவெரியைப் பிரித்து மேய்ந்து, விடுபட்டிருந்த இண்டெக்ஸைக் கண்டுபிடித்த இரண்டு மணி நேரம். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு பிழையை விளக்கியது. இரண்டாவது வரியில் வந்தவை: ராத்திரி ஒன்பதரை மணி ஸ்டேட்டஸ் கால். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஆன்-கால், ஏன்னா டீமில் இரண்டே பேர். மூடிய டிக்கெட் அப்படியே திரும்பி வருவது.

படித்துப் பார்த்தபோது அவருக்கே ஆச்சர்யம். வெறுத்தது எதுவுமே வேலையின் சாரம் இல்லை, எல்லாமே அந்த வேலை நடக்கும் விதம்! இப்படி வந்தால் மாற்ற வேண்டியது டீமை, அல்லது கம்பெனியை. பேக்கரியில் விடியற்காலை நாலு மணிக்கு மாவு பிசையணும் என்பது தனிக் கதை.

டெஸ்ட்டர் ஒருவரின் நிலை நேர்மாறு. ஆறு மணிக்கு வீடு, நல்ல மேனேஜர், சம்பளத்திலும் குறையில்லை. ஆனால், ஆறு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியிருந்தார். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று மாதம் உற்சாகம், பிறகு பழைய சலிப்பு. நன்றாக முடித்த வேலைகூட அவருக்குச் சந்தோஷம் தரவில்லை. தனக்கு இரண்டு படி மேலே இருக்கும் சீனியரின் நாற்காலியைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். இடம் மாறியும் புகார் மாறவில்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது துறையைத்தான்.

‘ஒரு வாரம் கோவா போயிட்டு வந்தா தெரிஞ்சிடும்’ என்பார்கள். முழுசாக நம்ப முடியாது. லீவில் கிடைத்த தெம்பு, அதே சூழலுக்குத் திரும்பினால் சில வாரங்களில் கரைந்துவிடும். அது கரைவதை வைத்து ‘ஃபீல்டே தப்பு’ என்று முடிவெடுக்க முடியாது. லீவின் கடைசி நாள்களில் உங்கள் துறை பற்றிய ஏதாவது ஒன்றைச் சும்மாவாவது எட்டிப் பார்த்தீர்களா என்பது அதைவிட நல்ல தடயம். இன்னொன்று, வேலை மட்டுமில்லாமல் சினிமா, சாப்பாடு, பிடித்தவர்கள் எதுவுமே ருசிக்கவில்லை என்றால் அது கரியர் பிரச்னை இல்லாமலும் இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் இலவச உதவி எண் 14416.

தவறாகக் கணித்தால் செலவு அதிகம். துறை மாறினால் பெரும்பாலும் ஃப்ரெஷர் சம்பளத்திலிருந்துதான் தொடங்கணும். அதனால் அந்த டெஸ்ட்டர் வேலையை விடாமல், தான் ஆசைப்பட்ட டீச்சர் வேலையைச் சனிக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டரில் செய்து பார்க்கிறார். பாடம் நடத்துவது மட்டுமில்லை, 40 பேப்பர் திருத்துவதும் உண்டு. அந்தப் போரான பகுதியும் அவருக்குச் சலிக்கவில்லையாம்.

தோழி கம்பெனி மாறினார். நோட்டீஸ் பீரியட் முடிந்த மறுநாளே சேராமல், மூன்று வாரம் இடைவெளி கேட்டு வாங்கினார். இன்டர்வியூவில் அவர் கேட்ட கேள்விகளை நீங்களும் குறித்துக்கொள்ளலாம்: ஆன்-கால் சுற்றில் எத்தனை பேர்? போன மாசம் ராத்திரியில் எத்தனை முறை அழைப்பு வந்தது? இந்த இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?

மூன்றாவது கேள்விக்கு இரண்டு கம்பெனிகளில் மழுப்பினார்கள். பதில் சொன்ன மூன்றாவதில்தான் சேர்ந்திருக்கிறார்.