தென்னாப்பிரிக்காவின் கினி 0.57-ஆ, 0.63-ஆ?

உலக வங்கியின் 2014 தரவுப்படி, தென்னாப்பிரிக்க மக்களை ஏழை முதல் பணக்காரர் வரை வரிசைப்படுத்தி ஐந்து சம குழுக்களாகப் பிரித்தால், அவற்றின் பங்கு சுமார் 2.4, 4.8, 8.2, 16.4, 68.2 சதவீதம். (இது வருமானம் இல்லை, குடும்பங்களின் செலவுக் கணக்கு. அதனால ஏற்றத்தாழ்வு கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும்.)

கீழிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 2.4, 7.2, 15.4, 31.8, 100. இந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் கிடைப்பது லாரன்ஸ் வளைகோடு. எல்லோருக்கும் சமமாகப் போயிருந்தால் அது மூலைவிட்டமாக இருக்கும். அதன் கீழ்ப் பரப்பு 0.5. இங்கே வளைகோட்டின் கீழ்ப் பரப்பு சுமார் 0.214. இடைவெளியான 0.286-ஐ 0.5-ஆல் வகுத்தால் கினி 0.57.

ஆனா உலக வங்கி சொல்வது 0.63. கணக்கு தப்பா? இல்லை. நேர்கோடு போட்டதுமே, ஒரு குழுவுக்குள் எல்லோருக்கும் ஒரே பங்குதான் என்று ஆகிவிடுகிறது. நிஜத்தில் மேல் குழுவின் 68.2-ல் சுமார் 50.5, உச்சியில் இருக்கும் 10 சதவீதத்தினருக்கே போகிறது. அந்த ஒரு குழுவை இரண்டாக வெட்டினாலே கினி 0.61-ஐத் தொடும்.

ஆக, வளர்ச்சிப் பொருளாதாரப் பயிற்சிகளில் ஐந்து பங்குகளை வைத்துப் போடும் விடையை ‘கினி’ என்று மொட்டையாக எழுதக் கூடாது, ‘குறைந்தபட்ச கினி’ என்றே எழுத வேண்டும். அதை இன்னொரு நாட்டின் வெளியிடப்பட்ட கினியோடு ஒப்பிட்டு ‘இங்கே பரவாயில்லை’ என்று சொல்வதும் செல்லாது.