போட்டோவில் இருந்த தென்பெண்ணையை வரிகளாக மாற்றிய கதை!

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகும் வழியில் இருக்கும் மத்தூரில்தான் என் சித்தி வீடு. சித்தி மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுக்குப் பார்வை மிகவும் குறைவு. போனில் டாக்பேக் வாசித்துக் காட்டுவதைக் காதால் கேட்டுத்தான் படிப்பாள். அவளுடைய தோழி ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அதே தேர்வுக்குத் தயாராகிறாள். அந்தத் தோழி ஒவ்வொரு பாடத்தையும் சார்ட் தாளில் மைண்ட் மேப்பாக வரைந்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளைகள்.

இப்படிப்பட்ட போட்டோவை டாக்பேக்கை மட்டும் நம்பிப் படிக்க முடியாது. "அக்கா, இதை டைப் பண்ணி அனுப்பு"னு போன மாதம் கேட்டாள். தென்பெண்ணை ஆறு பற்றிய மேப் அது. நான் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, கண்ணில் பட்ட சொற்களை எல்லாம் அடித்து அனுப்பினேன். ஐந்தே நிமிஷ வேலை. இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "அக்கா, சாத்தனூர் அணை ஊத்தங்கரையிலயா இருக்கு? மாதிரித் தேர்வுல அப்படித்தான் எழுதினேன், தப்புன்னுட்டாங்க."

தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. தாளின் அடிப்பகுதியில் இடப்பக்கக் கிளையின் 'ஊத்தங்கரை'யும், வலப்பக்கக் கிளையின் 'சாத்தனூர்' என்ற சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் வேறு வேறு கிளைகள். நான் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிட்டேன். மைண்ட் மேப்பில் ஒரு சொல் எங்கே இருக்கிறது என்பதைவிட, எந்தக் கோட்டில் தொங்குகிறது என்பதுதான் முக்கியம். அதைப் புரிந்துகொண்டு மறுபடி உட்கார்ந்து செய்த முறையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

முதலில் நடுவைப் பிடியுங்கள்

போட்டோவைப் பெரிதாக்கி, நடுத் தலைப்பை நேராகத் தொடும் கோடுகளை மட்டும் எண்ணுங்கள். எங்கள் மேப்பில் நான்கு இருந்தன: பிறப்பிடம், அணைகள், துணை ஆறுகள், முடிவு. சந்தேகம் வந்தால் கோட்டின் தடிமனைப் பாருங்கள். மைண்ட் மேப்பை 1970-களில் பிரபலமாக்கிய டோனி புஸான் சொன்ன வழக்கப்படி, நடுவிலிருந்து கிளம்பும் கோடு தடிமனாக இருக்கும். வெளியே போகப் போக மெலியும். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் வரைகிறார்கள்.

நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வீட்டில் நான்கு ஸ்கெட்ச் பேனா இருந்தால், ஐந்தாவது கிளைக்கு முதல் நிறமே திரும்ப வரும்.

ஒரு கிளையை முடித்துவிட்டு அடுத்தது

கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, முள் சுற்றும் திசையில் போங்கள். ஒரு கிளையை எடுத்தால் அதன் நுனி வரை போய் எழுதிவிட்டுத்தான் அடுத்த கிளைக்கு வர வேண்டும். நான்கு பெரிய கிளைகளையும் முதலில் எழுதிவிட்டு, பிறகு குட்டிக் கிளைகளைச் செருகலாம் என்று நினைத்தால் எது எதற்கு என்று குழம்பிவிடும்.

ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, கோட்டின் வழியே நடுவை நோக்கிப் பின்னால் போங்கள். வழியில் முதலில் வரும் சொல்தான் அதன் தாய். அதற்குக் கீழேதான் இந்தச் சொல் வர வேண்டும். இடப்பக்கத்தில் எழுத்துகள் சாய்ந்தோ தலைகீழாகவோ இருக்கும். அப்போது போட்டோவைத் திருப்பிப் பாருங்கள், ஊகிக்காதீர்கள்.

உள்ளே தள்ளினால் மட்டும் போதாது

வழக்கமாகக் கிளைச் சொல்லை நான்கு இடம் உள்ளே தள்ளி எழுதுவோம். கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது சரி. ஆனால் வாட்ஸ்அப் செய்தியில் வரியின் முன்னால் விட்ட வெற்றிடத்தை டாக்பேக் வாய்விட்டுச் சொல்லாது. கேட்பவளுக்கு எல்லா வரியும் ஒரே மட்டம்தான். செய்தியைக் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டும்போதும் சில நேரம் அந்த இடம் காணாமல் போய்விடும். அதனால் எண்ணையும் சேர்த்தேன். 3-க்குக் கீழே 3.2, அதற்குக் கீழே 3.2.1. எண்ணைக் கேட்டாலே தாய் யார் என்று தெரிந்துவிடும்.

இதுதான் நான் இரண்டாவது முறை அனுப்பியது:

```
தென்பெண்ணை
1 பிறப்பிடம்
    1.1 நந்தி மலை
        1.1.1 சிக்கபல்லாபூர் மாவட்டம்
2 அணைகள்
    2.1 கெலவரப்பள்ளி
        2.1.1 ஓசூர்
    2.2 கிருஷ்ணகிரி
    2.3 சாத்தனூர்
        2.3.1 திருவண்ணாமலை மாவட்டம்
3 துணை ஆறுகள்
    3.1 மார்க்கண்டேய நதி
    3.2 பாம்பாறு
        3.2.1 அணை (தொடர்பு: 2)
            3.2.1.1 ஊத்தங்கரை
    3.3 வாணியாறு
        3.3.1 அணை
4 முடிவு
    4.1 வங்கக்கடல்
        4.1.1 கடலூர்
```

'அணை' என்ற சொல் இரண்டு முறை வருவதைக் கவனித்தீர்களா? ஒன்று பாம்பாற்றின் அணை, இன்னொன்று வாணியாற்றின் அணை. 'ரெண்டு தடவை எழுதியிருக்கே' என்று ஒன்றை அழித்துவிட்டால் ஓர் அணையே போய்விடும். தாயை விட்டுவிட்டு வெறும் 'அணை' என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை.

புள்ளிக் கோடு வந்தால்?

பாம்பாற்றின் 'அணை'யிலிருந்து 'அணைகள்' கிளைக்குத் தோழி ஒரு புள்ளிக் கோடு போட்டிருந்தாள். 'இதையும் அங்கே பார்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட குறிப்பு அது. இதைப் பார்த்து அந்த அணையை 2-க்குக் கீழே மாற்றினால், அது தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட அணை என்றாகிவிடும். ஒரு சொல்லுக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும். அது முழுக் கோடு காட்டும் தாய். புள்ளிக் கோட்டை அடைப்புக்குறிக்குள் எண்ணாக மட்டும் போடுங்கள்.

வரிசையிலும் ஒரு சின்னக் கவனம் தேவை. வலப்பக்கத்தில் கடிகாரத் திசை மேலிருந்து கீழே வரும். இடப்பக்கத்திலோ கீழிருந்து மேலே போகும். தோழி துணை ஆறுகளை இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதியிருந்தாள். அங்கே நான் அவள் எழுதிய வரிசையையே எடுத்துக்கொண்டேன். பெரிய கிளைகளுக்குக் கடிகாரம், உள்ளே இருப்பவற்றுக்கு வரைந்தவரின் வரிசை.

அனுப்பும் முன் எண்ணிப் பாருங்கள்

போட்டோவில் உள்ள சொற்களை எண்ணுங்கள். எழுதிய வரிகளையும் எண்ணுங்கள். எங்களுக்கு இரண்டுமே 20. பிறகு முழுக் கோடுகளை எண்ணுங்கள். அவை ஒன்று குறைவாக, 19 இருக்க வேண்டும். நடுத் தலைப்பைத் தவிர ஒவ்வொரு சொல்லுக்கும் தாயோடு சேர்க்கும் ஒரு கோடு இருக்கும் என்பதுதான் கணக்கு. கோடு கூடினால் ஏதோ ஒரு புள்ளிக் கோட்டை முழுக் கோடாக எண்ணியிருப்பீர்கள். குறைந்தால் எங்கோ ஒரு சொல் கோடில்லாமல் தனியாக நிற்கிறது. அதை நீங்களாக எங்கும் சேர்க்காமல் வரைந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆனால் சொல் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. அதற்கு நுனியிலிருந்து மேலே படித்துப் பார்க்க வேண்டும். 'ஊத்தங்கரையில் அணை, பாம்பாற்றின் அணை, பாம்பாறு ஒரு துணை ஆறு, தென்பெண்ணையின் துணை ஆறு.' வாக்கியம் தடங்கல் இல்லாமல் வந்தால் சரி. 'சாத்தனூர், ஊத்தங்கரை' என்று இடறினால் திரும்பவும் விரலைக் கோட்டில் வையுங்கள்.

இரண்டாவது முறை எனக்கு அரை மணி நேரம் ஆனது. அன்று ராத்திரியே சித்தி மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: "அக்கா, பாம்பாறு அணை மூணு புள்ளி ரெண்டு புள்ளி ஒண்ணு. நம்ம ஊத்தங்கரைதான். சாத்தனூர் ரெண்டு புள்ளி மூணு. இனி மாத்த மாட்டேன்." கூடவே இன்னொரு போட்டோவும் வந்திருந்தது. இந்த முறை காவிரி.