பாண்டிச்சேரிக்கு ஒரு பாட்டில் எண்ணெய்

கிரிவலம் வந்துட்டுப் போற சென்னை, பெங்களூரு நண்பர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேக்கறாங்க. "அடி அண்ணாமலைல இவ்வளவு நல்ல மல்லாட்டை எண்ணெய் கிடைக்குது, இதை ஏன் ஆப்ல போட மாட்டேங்கறீங்க? போட்டா மாசாமாசம் வாங்குவோமே." இன்னும் சிலர், ஆப்புல போட்டிருக்கிற ஒண்ணு ரெண்டு பேரோட விலையைப் பாத்துட்டு, நேர்ல 340, ஆன்லைன்ல 525-ஆன்னு கோவிச்சுக்கறாங்க. ரெண்டுக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் கணக்கு இருக்கு, பொறுத்துக்குங்க.

முதல்ல, பதிவு யாருக்கு வேணும்? என் நிலத்துல விளைஞ்ச மல்லாட்டையை அப்படியே மூட்டை கட்டி வித்தா, விவசாயிங்கற முறையில எனக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்ல. சட்டத்தோட 23-வது பிரிவு அதைச் சொல்லுது. அதே மல்லாட்டையைச் செக்குல ஆட்டிட்டா அது விளைபொருள் இல்ல, உற்பத்திப் பொருள். கடலை எண்ணெய்க்கு 5 சதவீத வரி. ஆனா அதுக்கும் ஒரு சலுகை உண்டு: பொருள் விக்கிறவங்களோட மொத்த விற்பனை வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டலைன்னா தமிழ்நாட்டுல பதிவு வேண்டாம். 2019 ஏப்ரல்ல இருந்து இதுதான் வரம்பு. எங்க பக்கத்துக் கொல்லை அக்கா மாசத்துக்கு 60 லிட்டர் வீட்டு வாசல்ல விக்கறாங்க. வருஷம் பூரா கூட்டினாலும் மூணு லட்சம்கூட ஆகாது. நிம்மதியா இருக்கலாம்.

இந்த நிம்மதி ஆப்புக்குள்ள கால் வச்சதும் போயிடும். ஆன்லைன் சந்தை வழியா விக்கிறவங்க ஒரு ரூபாய்க்கு வித்தாலும் பதிவு பண்ணியே ஆகணும்னுதான் சட்டம் முதல்ல இருந்துச்சு. 2023 அக்டோபர் 1-லிருந்து அதைத் தளர்த்தினாங்க. 40 லட்சத்துக்குள்ள இருக்கற சின்ன வியாபாரி, முழுப் பதிவு இல்லாமலே gst.gov.in தளத்துல பான் எண்ணையும் முகவரியையும் கொடுத்து ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கலாம். அந்த எண்ணோட ஆப்புல விக்கலாம். ரிட்டர்ன் தாக்கல் கிடையாது. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். பல பேருக்கு இப்படி ஒரு வழி இருக்கறதே தெரியாது. ஆப்புல பேர் பதியும்போது ஜி.எஸ்.டி. எண் கேட்டா, அதோட திரும்பி வந்துடறாங்க. சேர்க்கை எண்ணை ஏத்துக்கறாங்களான்னு அந்தந்த ஆப்புல கேட்டுப் பாக்கணும்.

ஆனா ஒரு நிபந்தனை: ஒரே மாநிலத்துக்குள்ளதான் விக்கணும். திருவண்ணாமலையில இருந்து ராமநாதபுரம் போகலாம், கன்னியாகுமரி போகலாம். பாண்டிச்சேரி போகக் கூடாது. அது வேற அரசு, வேற எல்லை. பெங்களூருக்கும் இதே கதை. ஆப்பை விடுங்க, வாட்ஸப்புல பணம் வாங்கிட்டு ஒரே ஒரு பாட்டிலைப் பாண்டிச்சேரிக்குப் பார்சல் போட்டாலும் மாநிலம் தாண்டின விற்பனைதான். 40 லட்சச் சலுகை அதுக்குச் செல்லாது, பதிவு கட்டாயம். பௌர்ணமிக்கு வர்ற பெங்களூருக்காரர் வாசல்ல நின்னு வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டுப் போனா, அது உள்ளூர் விற்பனை. அதே பாட்டில், அதே ஆளு. பையில போனா ஒரு சட்டம், பார்சல்ல போனா இன்னொண்ணு.

இப்ப பணத்துக்கு வருவோம். அக்கா ஆப்புல 525 ரூபாய்க்கு ஒரு லிட்டர் வைக்கறாங்கன்னு வச்சுக்குவோம். கட்டணம் ஆப்புக்கு ஆப்பு மாறும், இது ஒரு மாதிரிக் கணக்குதான். 10 சதவீதக் கமிஷன் 52.50. ஆர்டருக்கு இவ்வளவுன்னு ஒரு நிலைக் கட்டணம் 20. கண்ணாடி பாட்டில், அட்டைப் பெட்டி எல்லாம் சேந்து கனக்கும், கூரியர் 77.50. மொத்தம் 150. இந்த 150 அவங்க நமக்குச் செய்யற சேவைக்கான கூலி, அதனால அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 27 ரூபாய். ஆகப் பிடிச்சது 177, கைக்கு வர்றது 348. வாசல்ல விக்கறதைவிட எட்டே எட்டு ரூபாய் கூட. பாட்டிலும் அட்டையும் அந்த எட்டுக்குள்ள அடங்காது. பாட்டில் உடைஞ்சு திரும்பி வந்தா போக்குவரத்துக் கூலியும் நம்ம தலையில விழலாம், அதையும் பாத்துக்கணும்.

முழுப் பதிவு இருக்கறவங்களுக்கு இன்னொரு பிடித்தம் உண்டு. வரி நீங்கலான விலையில அரை சதவீதம், டி.சி.எஸ். 2024 ஜூலை 9 வரைக்கும் அது ஒரு சதவீதமா இருந்துச்சு. 525-ல வரி 25 போக 500, அதுல 2.50. கைக்கு 345.50 வரும். அந்த 2.50 போன பணம் இல்ல, நம்ம ஜி.எஸ்.டி. கணக்குல வந்து நிக்கும். நாமதான் உள்ள போய் ஏத்துக்கணும், பலர் அதைச் செய்யாம விட்டுடறாங்க. வருமான வரிக்காகப் பிடிக்கற டி.டி.எஸ். வேற. 2024 அக்டோபர்லேர்ந்து அது 0.1 சதவீதம்தான். தனி நபர் வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள்ள ஆப்புல வித்து, பான் எண்ணோ ஆதாரோ கொடுத்திருந்தா அதுவும் கிடையாது. கொடுக்கலைன்னா 5 சதவீதம் பிடிச்சுடுவாங்க.

இங்கதான் ஒரு வேடிக்கை. பதிவு பண்ணின அக்கா எண்ணெய்க்குக் கட்ட வேண்டிய வரி 25. ஆப்புக்குக் கொடுத்த 27-ஐ அதுல கழிச்சுக்கலாம். ஆக அந்தப் பாட்டிலுக்குத் தனியாக் கட்ட வேண்டியது ஒண்ணுமில்ல. 2.50-யும் திரும்பினா அதே 348 வந்துடும். அப்ப பதிவு பண்ணிட வேண்டியதுதானே?

பதிவுங்கறது ஆப்புக்கு மட்டும் இல்லீங்க, ஆளுக்கு. பதிஞ்ச நாள்லேர்ந்து வாசல்ல விக்கிற 60 லிட்டருக்கும் வரி கணக்கு உண்டு. 340 ரூபாயா 60 லிட்டர், 20,400. விலையை ஏத்த முடியாது, ஊர்க்காரங்க வாங்க மாட்டாங்க. அதுக்குள்ளேயே வரின்னு வச்சா மாசம் 971 ரூபாய் போகுது. ஆப்புல மாசம் 20 பாட்டில் வித்தா மிச்சமாகற வரி வரவு பாட்டிலுக்கு 2 ரூபாய் வீதம் 40. மீதி 931-ஐ அக்கா கையிலேர்ந்து எடுத்துத்தான் கட்டணும். காலாண்டுக்கு ஒரு தடவை ரிட்டர்ன், அதுக்கு ஆடிட்டர் ஆபீஸ் கூலி. தாமதமானா நாளைக்கு 50 ரூபாய். விற்பனையே இல்லாத காலத்துக்கும் தாக்கல் செய்யணும். 20 பாட்டிலுக்காக 60 பாட்டிலுக்கு வரி கட்டற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாப் படலை.

மாநில எல்லையைத் தாண்டினா சலுகை கிடையாதுங்கறதை அரசே எல்லாருக்கும் வைக்கலை. பெங்களூரு கம்பெனிக்குப் படம் வரைஞ்சு அனுப்பற சென்னைப் பையன் சேவை விக்கறவன். அவனுக்கு 20 லட்சம் வரைக்கும் மாநிலம் தாண்டினாலும் பதிவு வேண்டாம், 2017 அக்டோபர்லயே விலக்கு கொடுத்துட்டாங்க. பட்டியல்ல இருக்கற கைவினைப் பொருளுக்கும் விலக்கு உண்டு. செக்கு எண்ணெய்க்கும் இட்லிப்பொடிக்கும் கிடையாது. முழு 40 லட்சம்கூட வேண்டாம். மாநிலம் தாண்டி வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் அந்தச் சேர்க்கை எண்ணோடயே விக்கலாம்னு ஒரு வரி சேர்த்தாப் போதும். எவ்வளவு போச்சுங்கற கணக்கை ஆப்பே ஏற்கெனவே மாசாமாசம் அரசுக்குக் கொடுக்குது, ஒளிக்க வழியே இல்ல.

அதுவரைக்கும் அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: சேர்க்கை எண் வாங்குங்க, தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் ஆப்புல வைங்க, ரெண்டு பாட்டிலாச் சேத்து ஒரே பார்சலா போடுங்க, நிலைக் கட்டணமும் கூரியரும் பாட்டிலுக்குக் குறையும். பெங்களூரு, பாண்டிச்சேரி நண்பர்கள் பௌர்ணமிக்கு வரும்போது நாலு நாள் முன்னாடி சொல்லிடுங்க, ஆட்டி வைக்கச் சொல்றேன். பாத்திரம் நீங்களே கொண்டு வந்தா இன்னும் நல்லது.