பிள்ளையின் போனில் யாரோ ஒருவனின் மெசேஜ்

பிள்ளையின் மெசஞ்சரில் முன்பின் தெரியாத ஒருவனின் மெசேஜைக் கண்டதும் போனைப் பறித்து வைக்கும் பெற்றோர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி: அந்த மெசேஜ் எந்த இடத்தில் கிடந்தது என்று பார்த்தீர்களா?

நண்பர் பட்டியலில் இல்லாதவர் அனுப்பும் மெசேஜ் பொதுவாக Message requests என்ற தனி இடத்தில்தான் போய் விழும். முன்பின் தெரியாதவர்களும் அனுப்பக்கூடும். கேற்றடியில் ஒருவன் வந்து நின்று கூப்பிட்டால் அதற்கு வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை பொறுப்பாகுமா?

ஒரு உம்மா மகளின் போனைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று மெசேஜ்கள். முதலில் 'ஹாய்', பிறகு 'ஏன் பதில் இல்லை?', கடைசியில் 'இன்றைக்கு டியூஷன் போகவில்லையா?'. மகள் அவனோடு கதைத்திருக்கிறாள், இல்லாவிட்டால் டியூஷன் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்பது உம்மாவின் வாதம். ஆனால் மூன்றும் Message requests-இலேயே கிடந்தன. கீழே Accept, Delete, Block அப்படியே இருந்தன. மகள் ஒரு வரி பதில் போட்டிருந்தால்கூட அந்த உரையாடல் அங்கிருந்து Chats பட்டியலுக்குப் போயிருக்கும். டியூஷன் விஷயம் வேறு வழியால் போயிருந்தது. வகுப்பில் எடுத்த படத்தை அவள் Public என்று போட்டிருந்தாள். நாம் ஏற்காவிட்டாலும் பெயர், புரொஃபைல் படம், Public பதிவுகள் எல்லாம் எவருக்கும் தெரியும். மூடவேண்டியது அந்தக் கதவைத்தான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. திறந்து வாசித்தால் அவனுக்குத் தெரிந்துவிடுமாம். தெரியாது. ஏற்கும்வரை, நீங்கள் வாசித்த அடையாளம் அவன் பக்கம் போகாது. Accept கொடுத்த பிறகுதான் வாசித்ததும், நீங்கள் ஒன்லைனில் இருப்பதும் அவனுக்குத் தெரியலாம், கோல் எடுக்கவும் முடியும். "யார் நீங்கள்?" என்று கேட்பதும் ஏற்பதுதான். ஏசி அனுப்புவதும் ஏற்பதுதான். ஆகவே வாசித்துப் பாருங்கள், ஆளைத் தெரியாவிட்டால் பதில் போடாதீர்கள். உள்ளே லிங்க் இருந்தால் தொடவேண்டாம், அது அவன் விரித்த வேறு வலையாக இருக்கலாம்.

Delete செய்தால் மெசேஜ் போகும், ஆள் போகமாட்டான், திரும்பவும் அனுப்புவான். தொல்லை தொடர்ந்தால் Block. மிரட்டலோ அசிங்கமோ இருந்தால் அழிக்கமுன் அவனுடைய புரொஃபைலையும் சேர்த்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டுப் பொலிசுக்குப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் 1929க்கு அழைக்கலாம்.

இப்படியொரு மெசேஜ் வந்ததும் பிள்ளை முதலில் உங்களிடம் வரவேண்டும். வந்தவுடன் போன் பறிபோகும் என்று தெரிந்தால் அடுத்த முறை அவள் வரமாட்டாள். அனுப்புகிறவனுக்கு வேண்டியதும் அதுதான்.