கை கொடுப்பவர்களே, தராசையும் கொண்டு வாருங்கள்



கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைத்துப் போட்டால் நாம் சும்மா இருப்பதில்லை. ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கழித்தால் கணக்குக் கேட்கிறோம். ஆனால் மெசினில் கையைப் பறிகொடுத்தவருக்கு மேடை போட்டு, மாலை போட்டு ஒரு செயற்கைக் கையைக் கொடுத்தால் மட்டும், அதன் பாரம் எவ்வளவு, எவ்வளவு அழுத்திப் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இலவசமாகத் தந்ததை நிறுத்துப் பார்ப்பது மரியாதை இல்லையாம். நான் நிறுத்துப் பார்த்தேன்.

77 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடிய நம் குடும்பங்கள் சில திருகோணமலை மாவட்டத்திலும் குடியேறின. அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவர், துறைமுகப் பக்கம் மீனுக்கு ஐஸ் அரைக்கும் மெசினில் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே இழந்தவர். போன வருசம் அவருக்கு ஒரு மின்சாரக் கை கிடைத்தது. கணினியில் வரைந்து, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக அச்சடித்துச் செய்தது. உள்ளே ஒரு சிறிய சேர்வோ மோட்டார் இருக்கிறது. அது ஒரு சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தில் கட்டிய தூண்டில் கயிறுகள் ஒவ்வொரு விரலுக்குள்ளும் ஓடி நுனியில் முடிகின்றன. கயிறு இழுபட்டால் விரல் மடங்கும், விட்டால் ரப்பர் நிமிர்த்தும். நம் கையில் தசை முன்னங்கையில் இருந்துகொண்டு தசைநாணை இழுத்து விரலை மடக்குவதும் இப்படித்தான். மேடையில் அந்தக் கை ஒரு பூச்செண்டைப் பிடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

வீட்டில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அதில் நிற்கவில்லை. அரை லீற்றர் நின்றது, அதுவும் போத்தல் காய்ந்திருந்தால்தான்.

மீன் நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்தோம். விரல்களை மூட வைத்து, ஒரு விரல் நுனியில் நூலைக் கட்டித் தராசில் மாட்டி, விரல் திறக்கும் பக்கமாக மெதுவாக இழுத்தோம். 150 கிராம் காட்டும்போதே விரல் திறக்கத் தொடங்கியது. நான்கு விரலுக்கும் சேர்த்தால் 600 கிராம். ஒரு கிலோப் போத்தலை இரண்டு பக்கமும் அழுத்தி நழுவாமல் தூக்க, விரலில் ரப்பர் உறை இருந்தாலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். போத்தல் நனைந்திருந்தால் இரண்டு கிலோவும் போதாமல் போகலாம். மீன் துறையில் நனையாத பொருள் எது?

“பத்துக் கிலோ இழுக்கும் மோட்டார்” என்று அண்ணனிடம் சொல்லியிருந்தார்கள். அது பொய் இல்லை. எம்.ஜி.996ஆர் என்று இந்த வேலைக்கு எங்கும் வாங்கும் மலிவான சேர்வோ, ஒரு சென்றிமீற்றர் ஆரைச் சக்கரத்தில் 9.4 கிலோ அளவில் இழுக்கும். ஆனால் அது நான்கு விரலுக்குப் பிரிகிறது. விரலுக்கு இரண்டேகால் கிலோதான். அடுத்தது, கயிறு விரலின் மூட்டிலிருந்து ஒரு சென்றிமீற்றர் தள்ளி ஓடுகிறது, விரல் நுனியோ எட்டுச் சென்றிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அலவாங்கைத் தலைகீழாகப் பிடித்த கதை. குட்டைப் பக்கத்தில் நாம் இழுக்கிறோம், நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். 300 கிராம் ஆயிற்று. அதிலும் கயிறு வளைந்து வளைந்து பிளாஸ்டிக் துளையில் உரசுவதாலும், நிமிர்த்தும் ரப்பரை எதிர்த்து இழுப்பதாலும் பாதி போகிறது. மிச்சம் 150. தராசு காட்டியதும் அதுதான்.

சக்கரத்தைச் சின்னதாக்கினால் இழுவை கூடுமே என்று எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். கூடும். ஆனால் சேர்வோ அரைச் சுற்றுத்தான் சுற்றும். ஒரு சென்றிமீற்றர் சக்கரம் கயிற்றை மூன்று சென்றிமீற்றர் சுருட்டும். பாதியாக்கினால் ஒன்றரைதான். விரல் முழுதாக மூடாது.

அப்படியானால் பெரிய மோட்டார்? மோட்டாரின் எடை சில கிராம்தான் கூடும். அது குடிக்கும் மின்சாரத்துக்குப் பெரிய பற்றரி வேண்டும். கூடின இழுவையில் கயிறு பிளாஸ்டிக்கை அறுக்கும், மூட்டுக்குத்தி பிளக்கும், ஆகவே எல்லாவற்றையும் தடிப்பாகச் செய்ய வேண்டும். அண்ணனின் கை பற்றரியோடு இப்போதே 690 கிராம். நம் சொந்தக் கை மணிக்கட்டுக்குக் கீழே ஏறக்குறைய 400 கிராம்தான், அதையும் எலும்பும் தசையும் தாங்குகின்றன. செயற்கைக் கை தொங்குவது தோலில். மிச்சக் கையை நுழைக்கும் அந்த உறை பொருந்தாவிட்டால், பாரம் முழுவதும் அதன் விளிம்பில் அழுத்தும். திருகோணமலை வெயிலில் உள்ளே வியர்த்து, தோல் ஊறி, இரண்டு மணி நேரத்தில் சிவந்துவிடுகிறது. கையைக் கழற்றி அரை மணியாகியும் சிவப்புப் போகாவிட்டால் உறை பிழை. மாதக்கணக்கில் அதைப் பொறுத்துக்கொண்டால் புண்தான் மிஞ்சும். பற்றரியை மணிக்கட்டிலிருந்து எடுத்துப் புயத்திலோ இடுப்பிலோ கட்டினாலே பாதித் தொல்லை குறையும். படம் எடுக்கும்போது வயர் தெரியும் என்று செய்யாமல் விட்டார்களோ என்னவோ!

பழைய வழி ஒன்று இருக்கிறது. மர ஆலையில் கையை இழந்த டொரன்ஸ் என்ற அமெரிக்கர் 1912இல் பதிவு செய்த பிளவுக் கொக்கி. தடித்த ரப்பர் வளையங்கள் அதை எப்போதும் மூடியே வைத்திருக்கும். மறு தோளில் மாட்டிய பட்டியிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பி போல ஒரு கம்பி வரும். தோளை முன்னுக்குத் தள்ளினால் கொக்கி திறக்கும். பிடித்துக்கொண்டிருக்க மின்சாரம் வேண்டாம். சேர்வோ அப்படி இல்லை, இறுக்கிப் பிடிக்கும் நேரமெல்லாம் மின்சாரம் குடித்துச் சூடாகும். அலுமினியக் கொக்கி 120 கிராமுக்குள்தான். ஒரு வளையத்துக்கு அரைக் கிலோ அளவில் பிடி கிடைக்கும், நான்கு போட்டால் இரண்டு கிலோ. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு கிலோவையும் எதிர்த்துத் தோளால் இழுத்துத் திறக்க வேண்டும், அக்குளில் பட்டி உரசும். பார்க்கக் கை மாதிரியும் இருக்காது. “கொக்கியோடு கலியாண வீட்டுக்கு எப்படிப் போவது?” என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டும் வேண்டும் என்பதே என் பதில்.

உறையை அளவெடுத்துச் செய்வதும் திருத்துவதும் படித்தவர் செய்யும் வேலை. அதற்கென்றே ராகமையில் 2004 முதல் ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. உறை தேயும், மிச்சக் கை மெலியும், சில வருசத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்தே ஆக வேண்டும். ஆனால் நம் 1934ஆம் ஆண்டு நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இழந்த உறுப்புக்கு வீதம் போட்டு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை மூடுகிறது. உருளையிலும் சல்லடையிலும் கை போகும் தேயிலைப் பெக்டரிகளிலும் இதே கதைதான். மெசினின் சொந்தக்காரரே உறைக்கும், திருத்தத்துக்கும், போய்வரும் பஸ் காசுக்கும், அந்த நாட்களின் சம்பளத்துக்கும் ஆயுள் முழுவதும் பொறுப்பு என்று அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் எழுதிக் கேட்க வேண்டும். மாலையோடு வருகிற இலவசக் கை அந்தப் பொறுப்பைக் கழுவிவிட ஒரு சாட்டாக ஆகக் கூடாது.

கை கொடுக்கும் விழாவுக்கு இனி யாராவது அழைத்தால் போங்கள். ஒரு கொக்கித் தராசு, ஒரு முழம் நூல், ஒரு லீற்றர் போத்தல் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். போத்தலின் வெளிப்பக்கத்தை நனைத்துவிட்டுக் கொடுங்கள்.